பத்து மில்லிமீட்டரில் நின்றுபோகும் வளைவு

மேசை முனையில் ஒருமுறை தொடையை இடித்துக்கொண்டவருக்கு, தச்சர் ஏன் அதை மழுக்கித் தருகிறார் என்று விளக்க வேண்டியதில்லை. இரும்பு, பிளாஸ்டிக் பொருள்களுக்கும் இந்த மழுக்கல் உண்டு. பட்டறையில் ‘ரேடியஸ் போடுவது’ என்பார்கள். கணினியில் முப்பரிமாண வடிவம் வரைகிறவர்கள் அதை ஃபில்லெட் என்கிறார்கள். வடிவத்தின் விளிம்பைச் சொடுக்கி, எத்தனை மில்லிமீட்டர் ஆரம் என்று எண்ணைத் தட்டினால் கூர்முனை வளைவாகிவிடும்.

பெரும்பாலும் அவ்வளவுதான் வேலை. சில நேரம் மட்டும் முனை வளைய மறுக்கிறது. பிழைச் செய்தி வருகிறது, பட்டியலில் அந்தப் படிக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி விழுகிறது. புதிதாகக் கற்பவர் பத்து முறை அதையே முயன்று பார்த்துவிட்டு, தெரிந்தவரிடம் ‘ஃபில்லெட் வேலை செய்யவில்லை’ என்று எழுதி அனுப்புகிறார். அந்த மூன்று சொற்களை வைத்து யாராலும் உதவ முடியாது. ஆனால் அதே தோல்வியைப் படிப்படியாக எழுதினால், பாதிக் காரணம் எழுதும்போதே பிடிபட்டுவிடும். ஓர் எளிய தகட்டை வைத்து அதைப் பார்ப்போம்.

தகடு

நாம் எடுத்துக்கொள்ளும் மென்பொருள் ஃப்ரீகேட். இலவசமாகக் கிடைக்கிறது, மூல நிரலும் திறந்தே இருக்கிறது. அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்தது. செய்ய நினைக்கும் பொருள் சாவிக்கொத்தில் மாட்டும் ஒரு சிறு தகடு. நீளம் 60 மில்லிமீட்டர், அகலம் 20, கனம் 4. அதன் ஒரு முனை ஐஸ் குச்சியின் நுனிபோல முழு அரைவட்டமாக இருக்க வேண்டும்.

அகலம் 20 என்றால் அரைவட்டத்தின் ஆரம் 10. ஆகவே முனையில் செங்குத்தாக நிற்கும் இரண்டு விளிம்புகளையும் தேர்ந்தெடுத்து, ஃபில்லெட் ஆரம் 10 என்று கொடுப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் வழி. மென்பொருள் அதற்கு மறுக்கிறது. 9.99 என்று கொடுத்தால் மறுபேச்சின்றி வளைத்துத் தருகிறது. நூறில் ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டில் ஒரு வேலை நடக்கிறது, ஒரு வேலை நடக்கவில்லை. காரணம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

உள்ளே உருளும் பந்து

ஃபில்லெட் எப்படிக் கணிக்கப்படுகிறது என்று புரிந்துகொள்ள, நாம் கொடுத்த ஆரமுள்ள ஒரு பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். விளிம்பின் இருபுறமும் உள்ள இரண்டு முகங்களையும் உட்பக்கமிருந்து தொட்டபடி, அந்தப் பந்து விளிம்பு நெடுகிலும் உருள்கிறது. பந்து தொட்ட இடங்கள் ஒவ்வொரு முகத்திலும் ஒரு கோடாகின்றன. கோட்டுக்கு அப்பால் விளிம்பு வரை உள்ள பகுதியை நிரல் வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் பந்தின் வளைவைப் பொருத்தித் தைக்கிறது.

இரண்டு முகங்களும் செங்கோணத்தில் சந்தித்தால், ஒவ்வொரு முகத்திலும் ஆரத்தின் அளவுக்கே இடம் வெட்டப்படும். 10 மில்லிமீட்டர் ஆரத்துக்கு 10 மில்லிமீட்டர் போகும். கோணம் குறுகினால் இழப்பு கூடும். 60 பாகைக் கோணத்தில் ஆரத்தைப் போல 1.73 மடங்கு இடம் தேவைப்படும். 5 மில்லிமீட்டர் ஆரமே 8.66 மில்லிமீட்டரைத் தின்றுவிடும். சிறிய ஆரம்தானே கொடுத்தோம் என்று பலர் குழம்புவது இங்கேதான்.

நம் தகட்டுக்கு வருவோம். முனை முகத்தின் அகலம் 20. இடப்பக்க விளிம்பு 10 எடுத்துக்கொள்கிறது, வலப்பக்க விளிம்பு 10 எடுத்துக்கொள்கிறது. மீதி எதுவும் இல்லை. 9.99 கொடுத்தபோது நடுவில் 0.02 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு மெல்லிய பட்டை மிஞ்சியது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நிரலுக்கு அது ஒரு முகம்தான். அதன் இரு ஓரங்களிலும் வளைவுகளைத் தைக்க முடிந்தது. ஆரம் 10 ஆனதும் அந்த முகம் முற்றிலும் மறைய வேண்டும், அதன் மேலும் கீழும் இருந்த சிறு விளிம்புகள் மறைய வேண்டும், தனித்தனியாக இருந்த இரண்டு வளைவுகள் நேராக ஒன்றையொன்று தொட வேண்டும். எந்த முகத்துக்கு எந்த முகம் பக்கத்துவீடு என்ற கணக்கே மாறிப்போகிறது. அண்டை முகம் சுருங்கும், ஆனால் மிஞ்சும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட நிரல் அந்த இடத்தில் கைவிரிக்கிறது.

கணக்கைப் போடுவது ஃப்ரீகேட்டின் திரை அல்ல. அதற்கு அடியில் ஓப்பன் காஸ்கேட் என்ற வடிவியல் கெர்னல் இருக்கிறது. பிரான்சின் மாத்ரா தாத்தாவிசியோன் நிறுவனத்தில் உருவாகி, 1999இல் மூல நிரலோடு திறந்துவிடப்பட்டது அது. ஓர் அண்டை முகத்தை ஃபில்லெட் முழுவதுமாக விழுங்கினால் தோற்றுப்போவது இந்தக் கெர்னலைப் பயன்படுத்துவோர் நெடுநாளாக அறிந்த வரம்பு.

செய்து பார்த்தவை என்ன சொல்கின்றன

இதையெல்லாம் முன்கூட்டி அறியாதவரும் நாலைந்து சோதனைகளில் இதே முடிவுக்கு வந்துவிடலாம். ஒவ்வொரு சோதனையிலும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆரத்தை 5 ஆக்கினால் வேலை செய்கிறது. ஆக, தேர்ந்தெடுத்த விளிம்புகளில் பிழை இல்லை. ஆரம் 10ஐ வைத்துக்கொண்டு ஒரே ஒரு விளிம்பை மட்டும் வளைத்தால், அதுவும் வேலை செய்கிறது. ஆக, 10 என்ற எண் குற்றவாளி இல்லை. இரண்டு விளிம்பும் 9.99இல் வளைகின்றன, 10இல் வளையவில்லை. இரண்டும் சேர்ந்து எதையோ தீர்த்துவிடுகின்றன என்று அந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

‘பல ஆரங்களை மாற்றிப் பார்த்தேன்’ என்று எழுதினால் இந்தத் தகவல் முழுவதும் தொலைந்துபோகும். எந்த எண்ணில் நடந்தது, எந்த எண்ணில் நின்றது என்று எழுதினால் அனுபவமுள்ளவர் படித்தவுடனே காரணத்தைச் சொல்வார்.

எழுத வேண்டிய விதம்

முதல் வேலை, வடிவத்தைச் சுருக்குவது. உண்மையான தகட்டில் வளையம் மாட்டும் துளை இருக்கும், பெயர் பொறித்திருக்கும். கோப்பை நகலெடுத்து, அதில் ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். துளையை எடுத்த பின்னும் பிழை வந்தால் துளைக்கும் பிழைக்கும் சம்பந்தமில்லை. இப்படி உரித்துக்கொண்டே போனால் கடைசியில் வெறும் 60, 20, 4 அளவுள்ள பெட்டிதான் மிஞ்சும். அதிலும் பிழை வருகிறது என்பதே பெரிய கண்டுபிடிப்பு.

இரண்டாவது, பதிப்பு விவரம். `Help` பட்டியலில் `About FreeCAD` என்பதைத் திறந்து, விவரத்தை நகலெடுக்கும் பொத்தானை அழுத்தினால் இயங்குதளம், ஃப்ரீகேட் பதிப்பு, கெர்னல் பதிப்பு எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். `OCC` என்று தொடங்கும் எண் முக்கியம். ஒரே ஃப்ரீகேட் பதிப்பு, நிறுவிய விதத்தைப் பொறுத்து வெவ்வேறு கெர்னல் பதிப்போடு வரக்கூடும். ‘என் கணினியில் சரியாக வருகிறதே’ என்று இருவர் வாதாடிக்கொண்டிருப்பதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது, படிகள். நம் தகட்டுக்கு அவை இப்படி இருக்கும்:

1. `Part Design` பகுதியில் புதிய கோப்பு. 60 × 20 செவ்வகம் வரைந்து, `Pad` மூலம் 4 மி.மீ. கனம் கொடுத்தேன்.
2. 20 மி.மீ. அகலமுள்ள ஒரு முனையில் நிற்கும் இரண்டு செங்குத்து விளிம்புகளைத் தேர்ந்தெடுத்தேன்.
3. `Fillet`, ஆரம் 10. எதிர்பார்த்தது அரைவட்ட முனை. வந்தது பிழைச் செய்தி (செய்தியை எழுத்து மாறாமல் இங்கே ஒட்டவும்).
4. இரண்டு விளிம்பு, ஆரம் 5: சரி. இரண்டு விளிம்பு, 9.99: சரி. ஒரு விளிம்பு, 10: சரி.

பைத்தான் தெரிந்தவர் இதையே சில வரிகளில் அனுப்பலாம். படிப்பவர் அப்படியே ஓட்டிப் பார்த்துக்கொள்வார்:

```python
import Part
t = Part.makeBox(60, 20, 4)
m = [e for e in t.Edges
     if all(v.X > 59 for v in e.Vertexes)
     and abs(e.Vertexes[0].Z - e.Vertexes[1].Z) > 1]
t.makeFillet(9.99, m)
t.makeFillet(10, m)
```

இதேபோல் தோன்றும் இன்னொரு நோய்

படிகளின் வரிசையை ஏன் இவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள் என்றால், ஃபில்லெட் தோற்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நேற்று நன்றாக இருந்த ஃபில்லெட், இன்று ஆரம்ப வரைபடத்தில் ஒரு கோட்டைக் கூட்டியதும் உடைந்துபோகும். வளைக்க வேண்டிய விளிம்பை மென்பொருள் `Edge3` என்பது போன்ற பெயரில் நினைவு வைத்திருக்கிறது. வடிவம் மாறும்போது எண்கள் இடம் மாறி, அதே பெயர் வேறொரு விளிம்பைக் குறிக்கத் தொடங்கிவிடலாம். ஃபில்லெட்டை மறுபடி திறந்து பார்த்தால், நாம் சொடுக்காத விளிம்பு ஒளிர்ந்துகொண்டிருக்கும். அதுவே அடையாளம். இந்தச் சிக்கலை 1.0 பதிப்பு பெருமளவு தணித்திருக்கிறது. பழைய பதிப்பு வைத்திருப்பவருக்கு இது இன்னும் அடிக்கடி வரும். இதற்கு ஆரத்தைக் குறைப்பது மருந்தாகாது; சரியான விளிம்பை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் முறை போடும்போதே தோற்றதா, பிறகு வேறொன்றைத் திருத்தியபோது தோற்றதா என்ற ஒரே வரி இரண்டு நோயையும் பிரித்துக் காட்டிவிடும்.

தகட்டுக்கு என்ன வழி

9.99 கொடுத்து முடித்துக்கொள்ளலாம். முப்பரிமாண அச்சுப்பொறியின் மூக்குத் துளை வழக்கமாக 0.4 மில்லிமீட்டர், 0.02 மில்லிமீட்டர் பட்டை அதில் தெரியவே தெரியாது. ஆனால் பிறகு மேல் விளிம்பைச் சுற்றி இன்னொரு ஃபில்லெட் போட நினைத்தால் அந்த மெல்லிய பட்டை இடறக்கூடும். நேர்வழி, முனையை ஃபில்லெட்டிடம் விடாமல் வரைபடத்திலேயே அரைவட்டமாக வரைந்துவிட்டு, பிறகு கனம் கொடுப்பது. பொருளின் அடிப்படை வடிவம் எதுவோ அது வரைபடத்தில் இருக்கட்டும். கைபடும் கூர்முனைகளை மழுக்கும் வேலை கடைசிப் படிகளில் ஃபில்லெட்டுக்குப் போகட்டும்.

அடுத்த முறை ஃபில்லெட் மறுத்தால், யாருக்கும் எழுதுவதற்கு முன் ஆரத்தைப் பாதியாக்கிப் பாருங்கள், ஒரே ஒரு விளிம்பில் போட்டுப் பாருங்கள், வளைந்த கடைசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை அருகிலுள்ள முகத்தின் அகலத்தோடு ஒப்பிட்டால், பல நேரங்களில் கேள்வியை அனுப்பவே தேவையிருக்காது.