கொய்யாவுக்கும் அடங்காத 'ஐ.பி.எஸ்.'!

"மச்சி, மூணு நாளாச்சுடா..." ஹாஸ்டல்ல இந்தப் புலம்பலைக் கேட்காத ஆள் உண்டா? உடனே பக்கத்து ரூம் 'டாக்டர்' சொல்வார்: "கீரை, சுண்டல், கோதுமைத் தவிடுன்னு வெளுத்துக்கட்டு, சரியாயிடும்!" இந்த அட்வைஸ் ஒருத்தருக்கு ஓ.கே. இன்னொருத்தருக்கு ஆப்பு. எப்படின்னு பார்ப்போமா?

மிஸ்டர் எக்ஸ், மிஸ்டர் ஒய்னு ரெண்டு பேரை வெச்சுக்கோங்க. ரெண்டு பேருக்குமே வாரத்துக்கு ரெண்டு தடவைதான் 'போகுது'. அதுவும் கட்டி கட்டியா!

எக்ஸுக்கு முக்கறதுதான் கஷ்டம். போயிட்டா நிம்மதி. இது சாதா மலச்சிக்கல். தோலோட கொய்யா, கீரை, சுண்டல், முழுக்கோதுமைன்னு ஒரு நாளைக்கு 25-30 கிராம் நார்ச்சத்து வர்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, தண்ணியும் குடிச்சா ரெண்டு, மூணு வாரத்துல வழிக்கு வந்துடும்.

ஒய் கதை வேற. அவருக்கு வாரத்துல ஒரு நாளாவது வயிறு வலிக்குது. 'போகும்போது' வலி குறையும் அல்லது கூடும். இப்படியே மூணு மாசமாச்சு, வலி ஆரம்பிச்சு ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு. இதுதான் மலச்சிக்கலோட வர்ற 'ஐ.பி.எஸ்.' (போலீஸ் இல்லீங்க, 'இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்'!). குடல் நரம்புகள் ஓவர் சென்சிட்டிவ். எக்ஸ் கண்டுக்காத கேஸ்கூட ஒய்க்கு வலியாத் தெரியும்.

அதனால எக்ஸ் மெனுவை ஒய் சாப்பிட்டா வயிறு பலூன்தான். சுண்டல், கோதுமை, வெங்காயம், பூண்டுல இருக்கிற சில மாவுச்சத்துகள் சிறுகுடல்ல ஜீரணமாகாது. பெருங்குடல் பாக்டீரியா அதைப் புளிக்க வெச்சு கேஸ் ஆக்கிடும். தவிடும் வலியைக் கூட்டலாம்.

ஒய்க்கு இசப்கோல் பெட்டர். ஒரு டீஸ்பூன்ல ஆரம்பிச்சு, ஒரு டம்ளர் தண்ணில கலந்து உடனே குடிச்சுடணும். வாரத்துக்கு வாரம் மெதுவா ஏத்தலாம். அப்பவும் உப்புசம் அடங்கலைன்னா, டயட்டீஷியன் மேற்பார்வையில நாலுலேர்ந்து ஆறு வாரம் மேலே சொன்ன அயிட்டங்களுக்கு லீவு. சோறு, கேரட், பப்பாளி, ஆரஞ்சு ஓ.கே. பூண்டு வாசனை இல்லாம இறங்காதா? எண்ணெய்ல பூண்டை வதக்கி, பல்லை எடுத்துப் போட்டுடுங்க. பிரச்னை பண்ற சத்து எண்ணெய்ல கரையாது, வாசனை மட்டும் வரும்!

லீவு நிரந்தரம் இல்லை. அப்புறம் ஒவ்வொண்ணா திரும்பச் சேர்த்து, எது வில்லன்னு கண்டுபிடிக்கணும். மொத்தமா நிறுத்தினா நார்ச்சத்து குறைஞ்சு சிக்கல் கூடிடும்.

ஆனா ரத்தம் போனாலோ, காரணமே இல்லாம எடை குறைஞ்சாலோ, ரத்தசோகை இருந்தாலோ டயட்டை ஓரங்கட்டிட்டு நேரா டாக்டர்கிட்ட ஓடுங்க.

அடுத்த தடவை யாராவது "மூணு நாளாச்சு"ன்னா, கொய்யாவை நீட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "வயிறு வலிக்குதா மச்சி?"