48 எப்படி 60 ஆனது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவன், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒரு அறிக்கையை நீட்டினான். கழுத்து தைக்கும் வேலையைச் சற்று மாற்றியதில் லைனின் எஃபிஷியன்சி 48 சதவீதத்திலிருந்து 60 ஆகிவிட்டதாம். “நாளைக்கு மேனேஜர்கிட்ட படிச்சுக் காட்டணுங்கண்ணா. சரியா இருக்குங்களா?” அவனிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்; கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களை மட்டும் முழுசாக்கிக்கொண்டேன்.

முதலில் அந்த 48. ஒரு ரவுண்ட் நெக் டி-ஷர்ட் தைக்க 4 நிமிடம் என்று தரநேரம் போட்டிருக்கிறார்கள். தொழிலில் இதை ‘சாம்’ என்பார்கள். லைனில் 10 டெய்லர்கள், 8 மணி நேரம். ஆக 4,800 நிமிடத்துக்குக் கம்பெனி கூலி கொடுக்கிறது. வெளியே வந்தது 576 பீஸ். ஒன்றுக்கு 4 நிமிடம் என்றால் 2,304 நிமிட வேலை. 4,800-இல் அது 48 சதவீதம். மீதி நேரம் யாரும் சும்மா இருந்ததாக அர்த்தமில்லை. நூல் அறுந்திருக்கும், ஆல்டர் வந்ததைப் பிரித்திருப்பார்கள், பெரும்பாலும் முன்னாடி மெஷினிலிருந்து பீஸ் வராமல் காத்திருந்திருப்பார்கள்.

எங்கே காத்திருப்பு என்று கண்டுபிடிக்க ஸ்டாப்வாட்ச்கூட வேண்டாம், பீஸ் எங்கே குவிகிறது என்று பார்த்தால் போதும். இந்த லைனில் கழுத்து ரிப் வைக்கும் ஓவர்லாக் மெஷினுக்கு முன்னால் குவியல், அதற்குப் பின்னால் வெறும் மேசை. ரிப் வளையம் கழுத்துச் சுற்றளவைவிடச் சிறியது. சுற்றிலும் ஒரே சீராக இழுத்துத் தைக்காவிட்டால் கழுத்து அலையடிக்கும், முறுக்கிக்கொள்ளும். அதனால் அந்த டெய்லர் அம்மா ஒவ்வொரு பீஸுக்கும் வளையத்தையும் கழுத்தையும் நாலாக மடித்து, குறிகளைப் பொருத்திய பிறகே ஊசியை இறக்கினார். பீஸுக்கு 50 விநாடி, மணிக்கு 72. மற்ற ஒன்பது பேர் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் லைன் 72-க்கு மேல் தராது.

அந்த 50-இல் 14 விநாடி மடித்துக் குறி வைப்பதற்கே போனது. கை மடிப்பு தைப்பவருக்கோ பீஸுக்கு 22 விநாடிதான் வேலை. குறி வைக்கும் வேலை அவரிடம் போனது. கழுத்து 36 விநாடிக்கு இறங்கியதும் மணிக்கு 100 பீஸ் வந்திருக்க வேண்டும், வந்தது 90. அடுத்த நெருக்கடி சைடு அடிப்பவரிடம், அவருக்கு 40 விநாடி. நாளுக்கு 720 பீஸ், 60 சதவீதம்.

இதுவரை தம்பி எழுதியது சரி. அவன் எழுதாமல் விட்ட நல்ல செய்தி ஒன்று உண்டு. முன்பு லைனுக்குள் கிடந்தது 288 பீஸ்; மணிக்கு 72 என்றால் ஒரு பீஸ் நுழைந்து வெளியேற 4 மணி நேரம். இப்போது கிடப்பது 135 பீஸ், மணிக்கு 90, ஆக ஒன்றரை மணி நேரம். முதல் மெஷினில் ஒரு தவறு நடந்து அது செக்கிங் மேசையில் பிடிபடுவதற்குள், அதே தவறோடு எத்தனை பீஸ் தைத்து முடித்திருப்பார்கள் என்பதை இந்த நேரம்தான் தீர்மானிக்கிறது.

அடுத்து நான் கேட்டது தேதி. “‘முன்’னு போட்டிருக்கியே, அது எந்த நாளு தம்பி?”

புது ஸ்டைல் லைனில் ஏறிய மூன்றாம் நாள். ‘பின்’ என்பது பன்னிரண்டாம் நாள். எந்த ஸ்டைலும் முதல் நாட்களில் தடுமாறும். கை பழகப் பழகத் தானாகவே ஏறும். எதையும் மாற்றாமல் விட்டிருந்தாலும் 48 அப்படியே நின்றிருக்காது. நல்லவேளை, பக்கத்து லைனிலும் அதே நாளில் அதே டி-ஷர்ட் ஏறியிருந்தது. அங்கே எதையும் மாற்றவில்லை. அதன் ஏட்டைப் புரட்டச் சொன்னேன். அதே மூன்றாம் நாளில் 48, பன்னிரண்டாம் நாளில் 52.

அப்படியானால் கூடிய 12 புள்ளியில் 4 கைப்பழக்கத்துடையது, 8 மட்டுமே மாற்றத்துடையது. பீஸில் சொன்னால், கூடிய 144-இல் 48 எப்படியும் வந்திருக்கும், 96 இந்த யோசனையால் வந்தது. ஒரே ஒரு பக்கத்து லைனை வைத்துச் சொல்வதால் இதுவும் தோராயம்தான். ஆனாலும் 12 என்பதைவிட உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

தம்பியின் முகம் சுண்டிவிட்டது. “எட்டுன்னு சொன்னா கம்மியாத் தெரியாதுங்களா?” தெரியும். ஆனால் 12-ஐ நம்பி மேனேஜர் எல்லா லைனுக்கும் இலக்கு வைத்தால், அடுத்த மாதம் சூப்பர்வைசர்களின் வசவு டெய்லர்கள் தலையில்தான் விழும்.

இன்னொன்றும் கேட்டேன். குறி வைக்கத் தனியாக ஒரு ஹெல்பரைப் போட்டு, அவரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்களா? அது வழக்கமாக நடக்கிற மறதி. 11 பேர் என்று வகுத்தால் 60 என்பது 54.5 ஆகிவிடும். இல்லை என்றான், கை மடிப்பு அக்காவே செய்கிறார்.

“அந்த அக்காவுக்குக் கூலி?”

பீஸ் ரேட்டுதான், மடிப்புக்கு மட்டும். 14 விநாடி கூடின பிறகும் அதே ரேட்டு. அறிக்கையில் அதற்கு ஒரு வரி இல்லை. தம்பி பேனாவை எடுத்தான். நான் இன்னும் ரெண்டு டீ சொன்னேன்.