வாங்கியவர்களின் அடக்க விலை என்ன?

மண்டியில் ஒரு வெங்காய வியாபாரியின் அடக்க விலை தெரிந்துவிட்டால், அவர் எதுவரை பிடிவாதம் பிடிப்பார், எப்போது இறங்கி வருவார் என்று ஊகித்துவிடலாம். பங்குச் சந்தையில் எதிரே நிற்பது லட்சக்கணக்கானோர். ஒவ்வொருவர் கணக்கையும் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் ஒரு குறிப்பிட்ட நாள் தொடங்கி இன்றுவரை ஒரு பங்கை வாங்கியவர்கள் சராசரியாக என்ன விலை கொடுத்தார்கள் என்று கணக்கிட முடியும். சார்ட்டில் அதைக் கோடாக வரைந்து காட்டுவதுதான் ‘ஆங்கர்டு விவாப்’. இதைப் பரவலாக்கியவர் பிரையன் ஷானன் என்ற அமெரிக்க டிரேடர்.

கணக்கு எளிது. ரிசல்ட் வந்த நாளில் ஒரு பங்கு 100 ரூபாயில் 50 லட்சம் கைமாறியது என்று வையுங்கள். மறுநாள் 110 ரூபாயில் 10 லட்சம், அதற்கு மறுநாள் 120 ரூபாயில் 10 லட்சம். மூன்று விலைகளைக் கூட்டி மூன்றால் வகுத்தால் 110 வரும். ஆனால் பெரும்பாலோர் வாங்கியது 100 ரூபாயில் அல்லவா? ஆகவே ஒவ்வொரு நாள் விலையையும் அன்றைய வால்யூமால் பெருக்கி, கூட்டி, மொத்தம் கைமாறிய 70 லட்சத்தால் வகுக்க வேண்டும். 104 ரூபாய் 29 காசு வருகிறது. விலை 120ல் நிற்கும்போது இவர்கள் சராசரியாகக் கிட்டத்தட்ட 16 ரூபாய் லாபத்தில் இருக்கிறார்கள். விலை 104க்குக் கீழே போனால் அந்த லாபம் கரைந்துவிட்டது என்று பொருள்.

TradingView தளத்தில் Anchored VWAP கருவியை எடுத்து, வேண்டிய நாளின் கேண்டிலைத் தொட்டால் போதும், கோடு வந்துவிடும். எந்த நாளைத் தொடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மெட்டா, அதாவது ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 2022 அக்டோபர் 26 அன்று சந்தை முடிந்த பிறகு ரிசல்ட் வந்தது. மறுநாள் பங்கு ஏறக்குறைய 25 சதவீதம் சரிந்து 98 டாலருக்கு அருகில் முடிந்தது. வால்யூம் வழக்கத்தைவிடப் பல மடங்கு. கோட்டை 27ஆம் தேதியிலிருந்து தொடங்க வேண்டும். 26இல் தொடங்கினால், செய்தி தெரியாமல் 130 டாலர் விலையில் வாங்கியவர்களும் உள்ளே வந்து சராசரியைத் தூக்கிவிடுவார்கள். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

நவம்பர் 4 அன்று விலை 88 டாலர் வரை இறங்கிப் பிறகு திரும்பியது. அந்த அடிமட்ட நாளிலிருந்தும் ஒரு கோடு வரையலாம். நான் அதைவிட ரிசல்ட் நாளையே நம்புகிறேன். அடிமட்டம் எது என்பது விலை ஏறிய பிறகுதான் தெரியும். ரிசல்ட் நாளோ அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும். பெருங்கூட்டம் பங்கை மாற்றிக்கொண்டதும் அந்த நாளில்தான்.

2023 பிப்ரவரி 2 அன்று, அடுத்த ரிசல்ட்டுக்குப் பிறகு, பங்கு 23 சதவீதம் ஏறி 188 டாலரைத் தாண்டி முடிந்தது. அக்டோபர் 27 முதல் முந்தைய நாள்வரை வாங்கி வைத்திருந்த யாரும் நஷ்டத்தில் இல்லை. அவர்களுக்கு அவசரமாக விற்கும் நெருக்கடியும் இல்லை. ஆனால் அதற்கு ஓராண்டு முன், 2022 பிப்ரவரி 3 சரிவு நாளில், 240 டாலர் வாக்கில் வாங்கியவர்கள் அப்போதும் நஷ்டத்தில்தான் இருந்தார்கள். “அசல் வந்தால் போதும், கொடுத்துவிடலாம்” என்று காத்திருப்பவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். அதனால்தான் விலைக்கு மேலே இருக்கும் பழைய கோட்டை நெருங்கும்போது விற்பனை வருகிறதா என்று பார்க்கிறோம்.

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. வால்யூமில் காலையில் வாங்கி மாலையில் விற்றவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் இப்போது ஒரு பங்கும் இல்லை, ஆனாலும் சராசரியில் இருக்கிறார்கள். நம் என்எஸ்இ ஒவ்வொரு பங்குக்கும் டெலிவரி அளவைத் தினமும் வெளியிடுகிறது. ஒரு கோடி பங்கு கைமாறிய நாளில் டெலிவரி 20 லட்சம்தான் என்றால், அந்த நாளின் கனம் கோட்டில் தெரிவதைவிடக் குறைவு என்று கொள்ள வேண்டும். ரிசல்ட் நாளில் இதைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள்.

கோட்டுக்கு வயதும் உண்டு. மாதங்கள் போகப் போக மொத்த வால்யூம் குவிந்து, புதிய நாள் எதுவும் அதை அசைக்க முடியாமல் போகும். இரண்டு வாரம் விலை நன்றாக ஏறியும் கோடு கிடைமட்டமாகவே கிடந்தால், அன்று வாங்கியவர்களில் பலர் எப்போதோ விற்றுப் போயிருப்பார்கள். அப்போது கடைசி ரிசல்ட் நாளிலிருந்து புதிய கோடு வரைய வேண்டியதுதான்.