மெயின்டெய்னரிடம் வேலை கேட்பது
ஓப்பன் சோர்ஸ் பாதை – 9

ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் நீங்கள் திருத்திய நான்கைந்து பிழைகள் ஏற்கப்பட்டுவிட்டன. இனி அதன் மெயின்டெய்னரிடம் வேலை பற்றிக் கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அவருக்குச் சம்பளம் தருவது யார் என்று முதலில் பாருங்கள்.

கிராஃபனா 2014-ல் தொடங்கிய திட்டம். அதற்குப் பின்னால் கிராஃபனா லேப்ஸ் என்ற நிறுவனம் இருக்கிறது. உங்கள் திருத்தத்தைப் பார்வையிடுபவர் பெரும்பாலும் அதன் ஊழியராக இருப்பார். கர்ல் அப்படியல்ல. அதைத் தொடங்கிய டேனியல் ஸ்டென்பெர்க் 2019 முதல் வுல்ஃப்எஸ்எஸ்எல் நிறுவனத்தில் வேலை செய்கிறார். அதில் பங்களிக்கும் மற்றவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். தன்னார்வலரிடம் வேலை கேட்டால், தம் கையில் இல்லாததை மறுக்க வேண்டிய சங்கடம்தான் அவருக்கு மிஞ்சும்.

உங்கள் திட்டம் எந்த வகை என்று அறிய, அதன் கோப்புறையில் இதை இயக்குங்கள்:

```
git shortlog -sne --since="1 year ago"
```

ஓராண்டில் அதிகம் எழுதியவர்களின் பெயரும் மின்னஞ்சலும் வரிசையாக வரும். முதல் பத்துப் பேரில் பலர் ஒரே நிறுவன முகவரியில் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. `users.noreply.github.com` என்று முடிந்தால் முகவரி மறைக்கப்பட்டிருக்கிறது. அவருடைய கிட்ஹப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பட்டியல் அறிந்துகொள்ள மட்டுமே. கடிதத்தை, தொடர்புக்கென்று அவரே வெளியிட்டிருக்கும் முகவரிக்குத்தான் அனுப்ப வேண்டும்.

உங்கள் புல் ரிக்வெஸ்ட் ஒன்று அவர் முடிவுக்குக் காத்திருக்கும்போது எழுதாதீர்கள். ஏற்றாலும் மறுத்தாலும் வேலைப் பேச்சு அதில் கலந்துவிடும். அது முடிந்த பிறகு எழுதலாம்.

கடிதத்தில் ஐந்தாறு வாக்கியங்கள் போதும். 'கோடைக்கால நேரம் தொடங்கும் நாளில் வரைபடம் ஒரு மணி நேரம் நகர்ந்த பிழையைத் திருத்தியவன் நான். நீங்கள் கேட்டபடி அதற்கு டெஸ்டும் எழுதினேன்' என்று தொடங்கி, இணைப்பைக் கொடுங்கள். நிறுவனத்தின் வேலைப் பக்கத்தில் நீங்கள் பார்த்த பதவியைப் பெயரோடு குறிப்பிடுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: 'இதற்கு விண்ணப்பிக்கிறேன், என்னைப் பரிந்துரைக்க உங்களுக்குச் சம்மதமா?' ஆள் எடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம் இருக்காது, ஆனால் அவரால் பரிந்துரைக்க முடியும். உங்கள் நிரலை அவர் வரிவரியாகப் படித்திருக்கிறார். அதனால்தான் அந்தப் பரிந்துரைக்கு மதிப்பு.

'வீட்டிலிருந்தே வேலை' என்று போட்டிருந்தாலும் எல்லா நாட்டினரையும் எடுப்பதில்லை. சம்பளமும் வரியும் சட்டப்படி கொடுக்க வழியுள்ள நாடுகளில்தான் எடுப்பார்கள். கடிதம் எழுதுவதற்கு முன்பே விளம்பரத்தில் இந்தியா இருக்கிறதா என்று பாருங்கள்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை மட்டும் நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், விண்ணப்பத்தில் அந்தத் திருத்தங்களின் இணைப்புகளைச் சேர்த்து நேரடியாக அனுப்பிவிடுங்கள்.