குருதியில் செப்பு குறைந்தால் உடலிலும் குறைவா? வில்சன் நோயைக் கண்டறியும் வழி

உயர்தரம் படிக்கும் 17 வயது மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். சில வாரங்களாக அவனுக்குச் சோர்வு, பசியின்மை. குருதிப் பரிசோதனையில் ஈரல் நொதியமான எஸ்.ஜி.பி.ரி. 148 என வருகிறது. சாதாரணமாக அது 40 அளவில் இருக்க வேண்டும். ஈரல் அழற்சி வைரஸ்கள் இல்லை. மது இல்லை, உடற்பருமனும் இல்லை. அடுத்த அறிக்கையில் செருலோபிளாஸ்மின் 11 மில்லிகிராம் (இயல்பு அளவு ஏறக்குறைய 20 முதல் 40 வரை) என்றும், குருதியில் செப்பும் குறைவு என்றும் இருக்கிறது.

"செப்புக் குறைவென்றால் சத்து மாத்திரை கொடுத்தால் சரிதானே?" என்றுதான் பெற்றோர் கேட்பார்கள். உண்மை நேர்மாறானதாக இருக்கலாம்.

நாம் உண்ணும் உணவிலுள்ள செப்பு ஈரலுக்கே செல்கிறது. அங்கு ஏ.ரி.பி.7பி என்னும் புரதம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. தேவையான செப்பைச் செருலோபிளாஸ்மினில் ஏற்றிக் குருதிக்கு அனுப்புகிறது. மிகுதியைப் பித்தத்தின் வழியாக வெளியேற்றுகிறது. இப்புரதத்துக்கான மரபணு பழுதடைந்தால் இரண்டு வேலைகளும் தடைப்படும். வெளியேற வழியின்றிச் செப்பு ஈரலில் தேங்கி அதைச் சிதைக்கும். செப்பு ஏறாத செருலோபிளாஸ்மினோ விரைவில் அழிந்துவிடும். குருதியிலுள்ள செப்பின் பெரும்பகுதியைச் சுமப்பது செருலோபிளாஸ்மின் என்பதால், அது குறையும்போது குருதியின் மொத்தச் செப்பும் குறைவாகவே காட்டும். இதுதான் வில்சன் நோய். நரம்பியல் வைத்தியர் கின்னியர் வில்சன் 1912இல் இதனை விவரித்தார்.

ஆனால் செருலோபிளாஸ்மின் குறைவை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. கடும் போசணைக் குறைபாடு, சிறுநீரில் புரதம் வெளியேறும் சிறுநீரக நோய், வேறு காரணத்தால் ஈரல் செயலிழத்தல் என்பவற்றிலும் அது குறையும். பழுதான மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் கொண்ட, நோயற்ற ஒருவரிடமும் சற்றுக் குறைவாக இருக்கலாம். மறுபுறம், உடலில் அழற்சி இருந்தாலோ கர்ப்பகாலத்திலோ அதன் அளவு கூடி, நோயை மறைத்துவிடலாம்.

எனவே அடுத்த படி 24 மணிநேரச் சிறுநீர்ப் பரிசோதனை. கட்டுப்படாத செப்பு சிறுநீரில் கசியும் என்பதே இதன் அடிப்படை. காலையில் முதற் சிறுநீரைக் கழித்துவிட்டு நேரத்தைக் குறிக்க வேண்டும். அதன்பின் மறுநாள் அதே நேரம் வரை கழிக்கும் அனைத்தையும் ஆய்வுகூடம் தரும் கொள்கலனிலேயே சேகரிக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் அளவு குறைவாக வந்து, நோய் இல்லை என்று தவறாகத் தோன்றும். 100 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். சிறுவர்களில் 40க்கு மேலிருந்தாலே மேலும் ஆராய வேண்டும். உண்மையான செப்புக் குறைபாடு என்றால் சிறுநீரிலும் செப்பு குறைவாகவே இருக்கும்.

நமது மாணவனுக்கு 240 வருகிறது. கண் வைத்தியர் கருவிழியின் ஓரத்தில் கைசர்-பிளெய்சர் வளையம் எனும் பழுப்பு வளையத்தைத் தேடுகிறார்; அது இல்லை. ஈரல் பாதிப்புடன் மட்டும் வருவோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த வளையம் இருக்காது என்பதால், இதனால் நோய் இல்லை என்றாகாது. வைத்தியர்கள் பயன்படுத்தும் லீப்சிக் புள்ளி முறையில் இவனது செருலோபிளாஸ்மினுக்கு 1, சிறுநீருக்கு 2, மொத்தம் 3. நோயை உறுதிசெய்ய 4 வேண்டும். ஆகவே மரபணுப் பரிசோதனையோ, ஈரல் திசுவில் செப்பை அளப்பதோ அவசியமாகிறது.

உறுதியானதும் அவனோடு விடயம் முடிவதில்லை. பெற்றோர் இருவரும் பழுதான பிரதியை ஒவ்வொன்றாகக் கொடுத்திருப்பதால், கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நலமாகத் திரியும் 12 வயதுத் தங்கையையும் பரிசோதிக்க வேண்டும். நெருங்கிய உறவில் திருமணம் செய்த குடும்பங்களில் இந்த நோய்க்கான வாய்ப்பு கூடுதல்.

நம் குடும்பங்கள் பலவற்றில் இடப்பெயர்வோடு வைத்தியக் குறிப்புகளும் தொலைந்துபோயின. "அண்ணா சின்ன வயதில் மஞ்சட்காமாலையில் செத்தவர்" என்ற ஒற்றை வரி மட்டுமே எஞ்சியிருக்கலாம். அந்த வரியை வைத்தியரிடம் சொல்லுங்கள். கைநடுக்கம், பேச்சுக் குழறல், திடீர்க் கோபம், படிப்பில் சரிவு என்பவையும் இந்நோயின் அறிகுறிகளாகலாம். எல்லாவற்றையும் போரின் மனக்காயம் என்று ஒதுக்கினால், ஈரல் நொதியம் பார்க்கும் ஒரு சிறு பரிசோதனை தவறிவிடும்.

பெனிசிலமைன், ட்ரையன்ரீன் ஆகிய மருந்துகள் செப்பைச் சிறுநீர்வழி வெளியேற்றும்; துத்தநாகம் குடலில் அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். சிகிச்சை ஆயுள் முழுவதற்கும் உரியது. நலமாகிவிட்டது என்று தாமாகவே மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு ஈரல் திடீரெனச் செயலிழக்கக் கூடும். அந்த மாணவனுக்கும் அவனது பெற்றோருக்கும் முதல் நாளிலேயே சொல்லவேண்டியது இதுதான்.