குழுப் படத்திலிருந்து ஒரு முகத்தை எடுக்கச் சொல்லும் கடிதம்

மாவட்ட கோ-கோ போட்டியில் கோப்பை வென்ற மாணவிகளின் படத்தை ஒரு பள்ளி தன் இணையதளத்தில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்வரிசையில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்வரிசையில் ஆறு பேர் நிற்கிறார்கள். படத்துக்குக் கீழே ‘இடமிருந்து வலமாக’ என்று எல்லோருடைய பெயரும் வகுப்பும். பின்வரிசையில் வலமிருந்து இரண்டாவதாக நிற்கும் சிறுமியின் தாய், கணவரின் அடி உதைக்குத் தப்பி, ஊர் மாறி வந்து, மகளை இந்தப் பள்ளியில் சேர்த்தவர். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை அவர் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தார். இப்போது ஊர், பள்ளி, மகளின் பெயர், வகுப்பு, முகம் எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கின்றன.

இப்படி ஒரு நிலையில்தான் ‘என் குழந்தையைப் படத்திலிருந்து கிராப் செய்துவிடுங்கள்’ என்று பெற்றோர் பள்ளி அலுவலகத்துக்கு எழுதுகிறார்கள். பெற்றோருக்கிடையே பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு, தத்தெடுப்பு, குழந்தை மீது நடந்த குற்றம் என்று வேறு காரணங்களும் உண்டு. எந்த ஆபத்தும் இல்லாமல், பிள்ளையின் முகம் பொதுவெளியில் வேண்டாம் என்று மட்டும் நினைக்கும் பெற்றோரும் எழுதலாம். அந்த விருப்பமே போதும், அதற்கு மேல் காரணம் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல.

கடிதம் எழுத உட்காரும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு அவசியம். நம் தாயின் நிலையில் முதல் தேவை, அந்தப் படமும் பெயர்ப்பட்டியலும் இன்றே இறங்குவது. திருத்திய படத்தை நிதானமாக அடுத்த வாரம் ஏற்றிக்கொள்ளலாம். பலர் இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டுவிடுகிறார்கள். அலுவலகமோ, படத்தைத் திருத்தத் தெரிந்த ஆசிரியர் வரட்டும் என்று காத்திருக்கிறது. அதுவரை பழைய படம் அப்படியே நிற்கிறது.

அடுத்து, கிராப் செய்வதால் என்ன நடக்கும் என்று படத்தைப் பார்த்து யோசிக்க வேண்டும். கிராப் என்றால் ஓரத்தை நேர்க்கோட்டில் நறுக்குவதுதான். வரிசையின் நடுவிலிருக்கும் ஒருவரை அப்படி நீக்க வழியில்லை. நம் சிறுமி வலமிருந்து இரண்டாவது. அவளை வெட்டினால் கடைசியில் நிற்கும் தோழியும், அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரும் சேர்ந்தே போவார்கள். நாளைக்கு அவர்களுடைய பெற்றோர் அலுவலகத்துக்கு வந்து நியாயம் கேட்பார்கள், கேட்பதும் சரிதான். ஆகவே ‘கிராப் செய்யுங்கள்’ என்று மட்டும் எழுதினால் அலுவலகம் கையைப் பிசையும்.

முகத்தை மங்கலாக்கிவிடலாமே என்று அடுத்து தோன்றும். லேசாக மங்கலாக்கிய முகத்தைத் தெரிந்தவர்கள் உடலமைப்பையும் நிற்கும் விதத்தையும் வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். சட்டையில் விளையாட்டு எண் இருந்தால் இன்னும் எளிது. முகத்தின் மேல் கறுப்புப் பட்டை ஒட்டினால், பதினொரு முகங்களை விட்டுவிட்டு எல்லோர் கண்ணும் அந்தப் பட்டையில்தான் போய் நிற்கும். யார் இது, என்ன நடந்தது என்ற கேள்வியை நாமே கிளப்பிவிட்டது போலாகும். அந்தச் சிறுமி மறுநாள் வகுப்பில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கோப்பையை மட்டும் எடுத்த படமோ, போட்டி நாளில் எடுத்த வேறு படமோ இருந்தால் அதைப் போடச் சொல்வதுதான் நல்லது. குழந்தை ஓரத்தில் நின்றால் மட்டும் கிராப் பொருத்தம்.

எந்த வழியானாலும் பெயர்ப்பட்டியல் மறந்துபோகும் இடம். படத்தில் பதினொரு பேர், கீழே பன்னிரண்டு பெயர் என்று நின்றுவிட்டால், நீக்கப்பட்டவர் யார் என்பதை அந்தப் பக்கமே சொல்லிக் கொடுத்துவிடும். தேடுபொறியில் பெயரைத் தட்டித் தேடுபவருக்கு அகப்படுவதும் முகத்தைவிட முதலில் அந்த எழுத்துதான். பெயரை எடுக்கச் சொல்வதைக் கடிதத்தில் தனி வாக்கியமாக எழுத வேண்டும்.

இனி, பலருக்கும் தெரியாமல் போகும் ஒரு சங்கதி. பக்கத்தில் தெரியும் படம் வேறு, சர்வரில் கிடக்கும் கோப்பு வேறு. ஏராளமான பள்ளி இணையதளங்கள் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்குகின்றன. அதில் ஒரு படத்தை ஏற்றினால் அது தானாகவே பல அளவுகளில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். கோப்புகள் இப்படி இருக்கும்:

```
kho-kho.jpg
kho-kho-1024x683.jpg
kho-kho-300x200.jpg
```

வேர்ட்பிரஸுக்குள்ளேயே அந்தப் படத்தை கிராப் செய்தால் அது வேறு பெயரில் புதிய கோப்பை உண்டாக்கும். பின்னால் பழையபடி மாற்ற வேண்டியிருந்தால் உதவட்டும் என்று முழுப் படத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளும். பக்கத்தைத் திறந்தால் சிறுமி இல்லை, பழைய படத்தின் முகவரியை நேராகத் திறந்தால் அவள் அங்கேயே நிற்கிறாள். அலுவலகம் நல்ல மனதோடுதான் செய்து முடித்திருக்கும், வேலைதான் பாதியில் நிற்கிறது.

சரியான வழி நீளமானதல்ல. மீடியா பகுதிக்குப் போய் அந்தப் படத்தை Delete permanently கொடுத்து நீக்கினால் அதன் எல்லா அளவு நகல்களும் சேர்ந்து போகும். திருத்திய படத்தை வேறொரு கணினியில் தயார் செய்து, புதிய பெயரில் ஏற்ற வேண்டும். பழைய பெயரிலேயே ஏற்றினால், இடையில் சேமித்து வைக்கப்பட்ட பழைய படம் சில நாள் வரை பலருக்குத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

ஆண்டு மலரையோ செய்திமடலையோ பிடிஎஃப் ஆகப் போட்டிருந்தால் இதே சிக்கல் வேறு உருவில் வரும். வேர்டில் ஒரு படத்தை கிராப் செய்தால் வெட்டிய பகுதி மறைகிறதே தவிர அழிவதில்லை. அந்த வேர்டு கோப்பு கையில் கிடைத்த எவரும் வெட்டிய இடத்தை மறுபடி விரித்துப் பார்க்கலாம். Compress Pictures என்ற இடத்தில் Delete cropped areas of pictures என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் அது உண்மையில் போகும். இதைவிட எளிய வழி, படத்தைத் தனியே வெட்டிச் சேமித்துவிட்டு, வெட்டிய படத்தை மட்டும் பக்கத்தில் வைப்பது.

இவ்வளவும் தெரிந்த பிறகு கடிதம் சுருக்கமாகவே அமையும். நம் தாய் இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். என் மகள் தங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கிறாள். பள்ளி இணையதளத்தில் ‘கோ-கோ வெற்றி’ என்ற தலைப்பில் வந்துள்ள குழுப் படத்தில் பின்வரிசையில் வலமிருந்து இரண்டாவதாக நிற்கிறாள். குடும்பப் பாதுகாப்புக் காரணங்களால் அவளுடைய முகமும் பெயரும் பொதுவில் இருக்கக் கூடாது. தயவுசெய்து அந்தப் படத்தையும் பெயர்ப்பட்டியலையும் இன்றே இணையதளத்திலிருந்தும் பள்ளியின் முகநூல் பக்கத்திலிருந்தும் நீக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மூலக் கோப்பும் அதன் சிறிய அளவு நகல்களும் நீக்கப்பட வேண்டும். மீண்டும் வெளியிடும்போது அவள் இல்லாத வேறு படத்தைப் பயன்படுத்தலாம். மற்ற மாணவிகளை வெட்ட நேரும் என்றால் கிராப் செய்ய வேண்டாம். பள்ளிக்குள் மாட்டும் படத்திலும் அணிக்குக் கொடுக்கும் பிரதியிலும் அவள் இருப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. இனி படம் எடுக்கும்போதும் அவளைத் தனியே விலக்கி நிறுத்த வேண்டாம். பொதுவில் வெளியிடும் முன் மட்டும் என்னைக் கேட்டுக்கொள்ளவும். நீக்கியதும் எனக்குத் தெரிவித்தால் நன்றியுடையவளாவேன்.”

இதில் கணவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. வேண்டுமென்றேதான் இல்லை. கடிதம் அலுவலக உதவியாளர், வகுப்பாசிரியர், இணையதளத்தைப் பராமரிக்கும் வெளி ஆள் என்று பல கை மாறும். விவரத்தைத் தலைமை ஆசிரியரிடம் நேரில் சொல்லி, நீதிமன்ற உத்தரவு இருந்தால் அவரிடம் மட்டும் காட்டுவது போதும். அதே காரணத்தால், முகத்தில் வட்டம் போட்ட படத்தைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு ‘இவளை எடுங்கள்’ என்று கேட்கவே கூடாது. மறைக்க வேண்டியதை நாமே நூறு கைப்பேசிகளுக்கு அனுப்பியவர்கள் ஆவோம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடிதத்தின் கடைசிப் பகுதியை நான் முக்கியமாக நினைக்கிறேன். பிள்ளைக்கு அந்த வெற்றி பெரிது. ‘உன்னைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்’ என்ற செய்தி வகுப்புத் தோழி வாயிலாக அவளுக்கு வரக் கூடாது. கடிதம் கொடுக்கும் முன்பே, அவள் வயதுக்குப் புரியும் அளவில் வீட்டில் சொல்லிவிட வேண்டும். சம்பந்தமே இல்லாத ஒரு தண்டனையும் பிள்ளைகளுக்கு நேர்கிறது. பெற்றோரிடமிருந்து இப்படி ஒரு கடிதம் வந்தால், எதற்கு வம்பு என்று அடுத்த விழாவில் அந்தக் குழந்தையை மட்டும் ‘நீ கொஞ்சம் தள்ளி நில்’ என்று சொல்லிவிடுகிறார்கள். மாட்டி வைக்கும் படத்துக்கும் வெளியிடும் படத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கடிதம் தெளிவாகச் சொன்னால் அது நடக்காமல் தடுக்கலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது? 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றும், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்றும் சொல்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இந்தக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. ஆகவே சட்டப் பிரிவைக் காட்டி மிரட்டும் கடிதத்தைவிட, எதை, எங்கிருந்து, எப்படி நீக்க வேண்டும் என்று துல்லியமாகச் சொல்லும் கடிதமே விரைவில் வேலை முடிக்கும். குற்றத்துக்கு ஆளான குழந்தையின் விஷயம் வேறு. போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு அந்தக் குழந்தையின் பெயர், படம், பள்ளி, குடும்ப விவரம் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது. சேர்க்கைப் படிவத்தில் ‘படங்களை வெளியிடச் சம்மதம்’ என்ற வரியில் கையெழுத்திட்டிருந்தாலும் தயங்க வேண்டாம். அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும்.

அச்சாகி வீடு வீடாகப் போய்விட்ட ஆண்டு மலரை யாராலும் திரும்பப் பெற முடியாது. பிற பெற்றோர் தங்கள் கைப்பேசியில் எடுத்த படங்களும் பள்ளியின் கையில் இல்லை. அவர்களிடம் வகுப்பாசிரியர் வழியாக வேண்டிக்கொள்ளத்தான் முடியும்.

‘நீக்கிவிட்டோம்’ என்று பதில் வந்ததும் சோதித்துப் பார்க்க வேண்டும். இதற்காகவே, புகார் கொடுக்கும் முன்பு படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, படத்தின் முகவரியைத் தனியே குறித்து வைத்திருக்க வேண்டும். பிரவுசரில் தனிப்பட்ட சாளரம் ஒன்றைத் திறந்து அந்த முகவரியை ஒட்டினால் ‘கிடைக்கவில்லை’ என்று வர வேண்டும். படம் வந்தால் அதே முகவரியை எழுதி அலுவலகத்துக்கு மறுபடி அனுப்பலாம். பள்ளியில் போன பிறகும் கூகுள் தேடலில் சிறிய படமாக அது தெரிந்தால், அதை எடுக்க கூகுளுக்கே தனி விண்ணப்பப் படிவம் உண்டு. 18 வயதுக்குட்பட்டவரின் படத்தைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கக் கோரும் வசதி 2021 முதல் இருக்கிறது, பெற்றோரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது தேடல் முடிவை மட்டுமே நீக்கும். பள்ளியின் சர்வரில் கோப்பு இருக்கும்வரை படமும் இருக்கும். அதனால் முதலில் பள்ளி, பிறகு கூகுள் என்ற வரிசையிலேயே போக வேண்டும்.