கரகரத்த குரலும் காத்திருத்தலின் கேடும்

குரல் கம்முவது யாவர்க்கும் நேர்வதே. சளி பிடித்தாலும், உரத்துப் பேசினாலும் தொண்டை கட்டும். சுக்கும் பனங்கற்கண்டும் கலந்த கஷாயம் அருந்தி ஓய்வு கொண்டால் ஒன்றிரண்டு வாரங்களில் குரல் தெளியும். ஆனால் பல்லாண்டுகளாகப் பீடியோ சிகரெட்டோ புகைத்துவரும் ஒருவரின் குரல் மூன்று வாரங்களைக் கடந்தும் தெளியவில்லையெனில், அதனை வெறும் தொண்டைக்கட்டு என்று எண்ணியிருத்தல் தவறு.

குரல்வளையினுள் இரண்டு குரல்நாண்கள் உள்ளன. மூச்சை இழுக்கும்போது அவை விலகுகின்றன. பேசும்போது ஒன்றையொன்று நெருங்கி, நுரையீரலிலிருந்து எழும் காற்றால் அதிர்கின்றன. ஆண்குரலில் இவ்வதிர்வு நொடிக்கு நூறு முறைக்கும் மேல் நிகழ்கிறது. நாணின் விளிம்பில் கடுகளவு தடிப்பு தோன்றினாலும் இரண்டும் செவ்வனே பொருந்தா, இடைவெளியில் காற்றுக் கசியும், குரல் கரகரக்கும். ஆகவே, பிற உறுப்புகளில் ஒளிந்து வளரும் புற்றுநோய், குரல்நாணில் தோன்றும்போது மட்டும் தொடக்கத்திலேயே தன் வருகையை அறிவித்து விடுகிறது. அப்போது வலி பெரும்பாலும் இராது. வலி இல்லாமையே பலரை ஏமாற்றுகிறது. காதுவலியும், விழுங்குவதில் இடரும், கழுத்துக் கட்டியும் வழக்கமாகப் பின்னரே வருவன.

காது மூக்கு தொண்டை மருத்துவர் இதனைக் கண்டறியச் செய்வது எளிய சோதனையே. மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, பென்சிலினும் மெல்லிய, வளையக்கூடிய கேமராக் குழாயை மூக்கின் வழியே தொண்டைக்குள் செலுத்துவார். நோயாளி உட்கார்ந்தே இருக்கலாம். "ஈ" என்று நீட்டி ஒலிக்கச் சொல்வார். பின் மூச்சை இழுக்கச் சொல்வார். சில நிமிடங்களில் சோதனை முடிந்துவிடும். மரமரப்பு நீங்கும்வரை உண்ணவும் பருகவும் கூடாது, புரையேறும்.

நலமான நாண்கள் திரையில் முத்துப்போல் வெண்மையாகவும், விளிம்பு நேராகவும் தோன்றும். புகைப்பவரிடம் அவை நீர் கோத்த பைகளைப்போல் வீங்கியிருக்கலாம்; இது புற்றுநோயன்று. வெண்திட்டோ, சிவந்த சொரசொரப்பான வளர்ச்சியோ தென்பட்டால் கண்ணால் கண்டு முடிவுசெய்தல் இயலாது. மயக்கமருந்து கொடுத்துச் சிறு துண்டெடுத்துப் பயாப்சி செய்தல் வேண்டும். வளர்ச்சி ஏதுமின்றி ஒரு நாண் அசையாதிருந்தால், அதை இயக்கும் நரம்பு எங்கோ பாதிக்கப்பட்டிருக்கலாம். இடப்புற நரம்பு மார்புக்குள் இறங்கி மீண்டும் மேலேறுவது. ஆகவே நுரையீரலையும் சோதிக்க வேண்டியதாகிறது.

நாணின் தோற்றத்தைப்போலவே அதன் அசைவும் முக்கியம். இதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. புகைப்பழக்கம் உடையவரான ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் பிரெடரிக்கின் குரல் 1887-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கம்மியது. கேமரா இல்லாத அக்காலத்தில், பேராசிரியர் கெர்ஹார்ட் கண்ணாடியின் துணையால் இடநாணில் சிறு முளையைக் கண்டு, பலமுறை சுட்டழித்தார். அது மீண்டும் வளர்ந்தது. மே மாதத்தில் அந்நாணின் அசைவும் குன்றியது. அறுவைக்கு ஏற்பாடாயிற்று. அந்நிலையில் லண்டனிலிருந்து வந்த மருத்துவர் மெக்கன்ஸி சிறு துண்டெடுத்து அனுப்ப, நோய்க்கூறியல் மேதை விர்கோ அதில் புற்றுநோய் இல்லை என்றார். அறுவை கைவிடப்பட்டது. நவம்பரில் புற்றுநோய் ஐயத்துக்கிடமின்றி வெளிப்பட்டது. 1888 பிப்ரவரியில் மூச்சுக்காகக் கழுத்தில் துளையிட்டனர். மார்ச்சில் பேச இயலாத நிலையில் பேரரசரானவர், 99 நாள்களே ஆண்டு, ஜூன் 15-இல் மறைந்தார்.

விர்கோ கூறியது அத்துண்டைப் பற்றி மட்டுமே. முழு நாணைப் பற்றியன்று. இன்றும் தோற்றம் ஐயத்துக்குரியதாக இருந்து, பயாப்சி மட்டும் நலமெனக் கூறினால், மீண்டும் துண்டெடுப்பதே முறை.

அன்றைய அறுவை பேரிடர் நிறைந்தது. இன்று நிலை வேறு. குரல்நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவாதலின், தொடக்கத்தில் நோய் எளிதில் பிற இடங்களுக்குப் பரவுவதில்லை. நாண் நன்கு அசையும் நிலையில், சில வாரக் கதிர்வீச்சோ, வாய்வழியே செய்யும் லேசர் சிகிச்சையோ பத்தில் ஒன்பது பேரளவில் நோயைத் தீர்க்கிறது. குரலும் பெரும்பாலும் பயன்படும் நிலையில் எஞ்சுகிறது. நோய் ஆழப் பரவினால் நாண் அசைவற்று நிற்கும். அதன்பின் சிகிச்சை கடுமையாகும். சிலருக்குக் குரல்வளையையே அகற்றி, கழுத்துத் துளைவழி மூச்சுவிடும் நிலை வரும். இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட காலம் சில மாதங்களாகவும் இருக்கலாம்.

அம்மாதங்களை வீணாக்குவன சில: இருமல் மருந்தை மாற்றி மாற்றி அருந்துதல், "புகையை விட்டால் சரியாகிவிடும்" என்று காத்திருத்தல். புகையை விடுதல் கட்டாயம் தேவை. ஆயினும் அது சோதனைக்கு ஈடாகாது. மூச்சு இழுக்கும்போது சீறும் ஒலி எழுந்தால் மூன்று வாரமும் பொறுத்தலாகாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சோதனைக்குச் செல்வோருள் பலருக்குப் புற்றுநோய் இராது. சில நிமிடங்களில் அவர்கள் அச்சம் நீங்கித் திரும்புவர். எஞ்சிய சிலருக்கோ, குரல்நாண் இன்னும் அசைந்துகொண்டிருக்கும்போதே மருத்துவர் அதைக் கண்டுவிட்டார் என்பதே பெரும் பேறாகும்.